கெலி சூத்திரம் சொல்வதில் கால் பங்கு ஏன் போதும்: வன்னி நெல் கொள்முதலை வைத்து ஒரு விளக்கம்

காலபோக அறுவடை முடிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களிலிருந்து நெல் வெளியே வரும் வாரங்களில் விலை இறங்கும். அப்போது வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, சில மாதங்கள் கழித்து விலை ஏறும்போது ஆலைகளுக்கு விற்பது பழைய வியாபாரம். கையிலுள்ள பணத்தில் எவ்வளவை நெல்லில் போடலாம் என்ற கேள்விக்கு இதுவரை அனுபவமும் துணிச்சலுமே பதில் சொல்லிவந்தன. பங்குச் சந்தைச் செயலிகளில் பழகிய இளையவர்கள் இப்போது அதே கேள்விக்கு ஒரு சூத்திரத்தைக் கொண்டுவருகிறார்கள். கெலி சூத்திரம் என்பது அதன் பெயர்.

சூத்திரம் சரியானதுதான். கணிதப்படி அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது தரும் விடையை அப்படியே எடுத்து ஒவ்வொரு பருவமும் கொள்முதல் செய்தால், நல்ல வியாபாரத்திலும் முதல் கரையும். அது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் கணக்கோடு பார்ப்போம்.

## சூத்திரம் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜோன் கெலி 1956-இல் இதை வெளியிட்டார். தொலைபேசிக் கம்பியில் செய்தி எவ்வளவு பிழையின்றிப் போகிறது என்று ஆராய்ந்த கூடம் அது. பிழை கலந்த ஒரு தகவலை நம்பித் திரும்பத் திரும்பப் பந்தயம் கட்டுபவர், நீண்டகாலத்தில் தன் முதல் மிக வேகமாக வளர வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் எத்தனை பங்கைப் பணயம் வைக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பின்னர் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் இதைச் சீட்டாட்ட மேசைக்கும், அங்கிருந்து பங்குச் சந்தைக்கும் கொண்டுபோனார்.

வெற்றி, தோல்வி என்று இரண்டே முடிவுகள் உள்ள வியாபாரத்துக்குச் சூத்திரம் இதுதான்:

```
f = p − (1 − p) / b
```

இதில் `p` என்பது இலாபம் வரும் வாய்ப்பு. `b` என்பது சராசரி இலாபத்தைச் சராசரி நட்டத்தால் வகுத்து வருவது. `f` என்பது, நட்டம் வந்தால் கையிலுள்ள முதலின் எத்தனை பங்கை இழக்கலாம் என்ற அளவு.

குழப்பம் தொடங்குவது இந்த `f` என்ற எழுத்தில்தான். எத்தனை பங்குக்குப் பொருள் வாங்கலாம் என்பதை `f` சொல்வதில்லை. சீட்டாட்டத்தில் தோற்றால் வைத்த பணம் முழுவதும் போய்விடும். ஆகவே வைத்ததும் இழந்ததும் அங்கே ஒன்றே. நெல்லில் அப்படியில்லை. விலை விழுந்தாலும் போட்ட பணத்தில் ஒரு பகுதியே போகும். ஆகவே கொள்முதல் தொகையை அறிய, `f`-ஐ நட்டச் சதவீதத்தால் வகுக்க வேண்டும்.

## ஒரு கணக்கு

ஒரு வியாபாரியிடம் சொந்த முதல் 20 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கொப்பியில் 10 காலபோகங்களின் கணக்கு இருக்கிறது. பருவத்துக்கு 4 தடவை வீதம் மொத்தம் 40 கொள்முதல்கள். அவற்றில் 22 இலாபம், 18 நட்டம்.

இலாபமும் நட்டமும் செலவு போக எழுதப்பட வேண்டும் என்பது இங்கே மிக முக்கியம். சாக்கு, நாட்டாமைக் கூலி, களஞ்சிய வாடகை, லொறிக் கூலி எல்லாம் கழிய வேண்டும். நிறைக்குறைவும் கழிய வேண்டும்: ஈரமாக வாங்கிய நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தும்போது வாங்கிய நிறை அப்படியே இருப்பதில்லை. வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் எழுதி வைத்திருப்பவரின் `b` எப்போதும் பெருத்தே இருக்கும்.

செலவு போக, இலாபம் வந்தால் சராசரி 18 சதவீதம், நட்டம் வந்தால் சராசரி 12 சதவீதம் என்று கொள்வோம். அப்போது `p` 0.55, `b` 18-ஐ 12-ஆல் வகுத்து 1.5. சூத்திரத்தில் போட்டால் `f` 0.25 ஆகிறது. அதாவது, நட்டம் வந்தால் முதலில் 25 சதவீதத்தை இழக்கச் சம்மதிக்கலாம் என்கிறது சூத்திரம்.

நட்டம் 12 சதவீதமாக இருக்கும்போது 25 சதவீத இழப்பு வர வேண்டுமானால், முதலைப்போல 2.08 மடங்குக்கு நெல் வாங்க வேண்டும். சூத்திரம் சொல்வதை முழுவதுமாக, பாதியாக, கால் பங்காக என்று மூன்று அளவுகளில் எடுத்து ரூபாவில் வைத்துப் பார்ப்போம்:

1. முழு அளவு: சுமார் 41 இலட்சத்து 67 ஆயிரம் ரூபாவுக்கு நெல். சொந்தப் பணத்துக்கு மேல் இன்னொரு 21 இலட்சத்து 67 ஆயிரத்தைக் கடனாகவோ நகையை அடகு வைத்தோ புரட்ட வேண்டும்.
2. அரை அளவு: சுமார் 20 இலட்சத்து 83 ஆயிரம். கையிலுள்ள பணம் முழுவதும் நெல்லாக மாறும்.
3. கால் அளவு: சுமார் 10 இலட்சத்து 42 ஆயிரம். பாதிப் பணம் நெல்லில், மீதிப் பாதி கையில்.

‘கெலிப்படி 25 சதவீதம்’ என்று கேட்டவுடன் அது அடக்கமான எண்ணாகத் தோன்றும். உண்மையில் அது சொல்வது, கடன் பட்டு இரட்டிப்பாக வாங்கு என்பதை. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் சூத்திரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

## அளவு கூடினால் நல்ல வியாபாரமும் ஏன் தேய்கிறது

நூறு ரூபாவை வைத்து ஒரு தடவை 75 சதவீதம் இலாபம் பெற்றால் 175 ரூபா. அடுத்த தடவை 50 சதவீதம் இழந்தால் 87 ரூபா 50 சதம். இலாபச் சதவீதம் நட்டச் சதவீதத்தைவிடப் பெரியது. இரண்டிலும் ஒவ்வொன்றே வந்தன. ஆனாலும் முதல் குறைந்துவிட்டது. பருவங்களின் முடிவுகள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர இரட்டிப்பாக்க வேண்டும்.

மேலே சொன்ன 75-உம் 50-உம் நம் வியாபாரி முழு அளவைப்போல இரு மடங்கு வாங்கினால் அவருக்கு வரும் எண்கள்தான். முழு அளவில் இதே இரண்டு பருவங்கள் வந்தால் இலாபம் 37.5, நட்டம் 25. நூறு ரூபா 103 ரூபா சொச்சம் ஆகிறது.

சூத்திரம் தரும் அளவு ஒரு மேட்டின் உச்சி. அதற்குக் குறைவாகப் போட்டால் வளர்ச்சி மெல்லக் குறைகிறது. கூடுதலாகப் போட்டாலும் குறைகிறது. ஏறத்தாழ இரு மடங்கை எட்டும்போது வளர்ச்சி பூச்சியமாகி, அதற்கப்பால் முதல் தேயத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு பக்கத்து இறக்கமும் ஒரேமாதிரியானவை அல்ல. குறைவாகப் போட்டவர் மெதுவாக வளர்வார், அவ்வளவுதான். கூடுதலாகப் போட்டவர் அதே வளர்ச்சிக்குப் பல மடங்கு ஏற்ற இறக்க ஆட்டத்தையும் சுமக்கிறார்.

நம் எடுத்துக்காட்டில், ஒரு பருவத்துக்கு முழு அளவின் நீண்டகால வளர்ச்சி 4.7 சதவீதம். அரை அளவுக்கு 3.5, கால் அளவுக்கு 2.0. அரை அளவு, ஆட்டத்தைப் பாதியாக்கி வளர்ச்சியில் நான்கில் மூன்றை வைத்துக்கொள்கிறது. அரை அளவைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. அது நல்ல காரணமே. ஆனால் வன்னியில் நெல் வாங்குபவருக்கு அதைவிட வலுவான காரணம் வேறு.

## 0.55 என்ற எண்ணை யார் தந்தது?

சூத்திரம், `p`-இன் உண்மை மதிப்பு நமக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. சீட்டுக்கட்டில் அதை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். நெல் விலையில் நம்மிடம் இருப்பது கொப்பியில் எழுதிய 40 வரிகள்.

40 தடவைகளில் 22 இலாபம் என்பதற்குப் பின்னால், உண்மையான வாய்ப்பு 0.47 ஆகவும் இருக்கலாம், 0.63 ஆகவும் இருக்கலாம். இரு பக்கமும் 0.08 அளவுக்குப் பிசகுவது 40 வரிகளுக்கு மிக இயல்பான பிசகு. அதற்கு எந்த அசாதாரண நிகழ்வும் தேவையில்லை.

உண்மை 0.47 என்று வைத்துப் பார்ப்போம். அப்போதும் இது இலாபமுள்ள வியாபாரம்: போட்ட ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் சராசரியாக 2 ரூபா வருகிறது. ஆனால் சூத்திரம் இப்போது தரும் `f` 0.117 மட்டுமே. நம் வியாபாரி கொப்பியை நம்பி 0.25-இல் நிற்கிறார், இது சரியான அளவைப்போல இரு மடங்குக்கும் மேல். விளைவு:

1. முழு அளவில் வாங்கியவரின் முதலானது பருவத்துக்கு 0.3 சதவீதம் தேய்கிறது. கடன் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் தேய்வு இன்னும் கூடும்.
2. அரை அளவில் வாங்கியவரின் முதல் 1.0 சதவீதம் வளர்கிறது.
3. கால் அளவில் வாங்கியவரின் முதல் 0.8 சதவீதம் வளர்கிறது.

வியாபாரம் நல்லது, ஆள் நேர்மையாகக் கணக்கு எழுதியவர், சூத்திரம் சரியானது. இருந்தும் முழு அளவு அவரைத் தேய்க்கிறது. கணிப்புப் பிழையைச் சூத்திரம் மன்னிப்பதில்லை என்பதே முழு அளவை ஒதுக்குவதற்கான முதன்மைக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அளவைக் குறைத்து எடுப்பதைப் பலர் கோழைத்தனம் என்கிறார்கள். 40 வரிகளிலிருந்து ஒருவர் உண்மையில் எவ்வளவு அறிய முடியுமோ அந்த அளவுக்கே பணத்தைப் போடுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல என்னால் முடியாது.

## நாற்பது வரிகளும் நாற்பது அல்ல

இதுவரை சொன்னதே கணக்கைச் சற்று இரக்கத்தோடு பார்த்ததுதான். ஒரே காலபோகத்தில் பெப்ரவரியில் இரண்டு தடவை, மார்ச்சில் இரண்டு தடவை வாங்கிய நெல்லுக்கு விலை ஏறினால் நான்குக்கும் ஏறும். விழுந்தால் நான்குக்கும் விழும். பரந்தனில் வாங்கியதும் ஒட்டுசுட்டானில் வாங்கியதும் போய்ச் சேருவது ஒரே விலைக்குத்தான். ஆகவே கொப்பியில் 40 வரிகள் இருந்தாலும், சாட்சியாக நிற்பவை கிட்டத்தட்ட 10 பருவங்களே. பத்துப் பருவங்களை மட்டும் வைத்துக் கணித்தால், 0.55 என்ற எண்ணின் இயல்பான பிசகு 0.16. கீழ்ப்பக்கம் 0.39 வரை போகிறது. `b` 1.5 ஆக இருக்கும்போது `p` 0.40-க்கு இறங்கினாலே இலாப அனுகூலம் முற்றாக மறைந்துவிடும்.

இதே காரணத்தால் இன்னொரு தவறும் நேர்கிறது. முன்னெச்சரிக்கையுள்ள ஒருவர் ‘ஒவ்வொரு கொள்முதலுக்கும் கால் அளவு’ என்று விதி வைத்துக்கொள்கிறார். ஒரு பருவத்தில் நான்கு தடவை வாங்குகிறார். நான்கும் ஒன்றாக ஏறி இறங்குபவை. நான்கு கால்கள் சேர்ந்து முழு அளவாகிவிடுகின்றன. தான் கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே அவர் 25 சதவீத இழப்புக்கு வழி திறந்துவிட்டிருக்கிறார். கால் அளவு என்பது முழுப் பருவத்துக்கும் சேர்த்த வரம்பாக இருக்க வேண்டும். அதற்குள்தான் நான்கு கொள்முதல்களையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

## கொப்பியில் இல்லாத பருவம்

சராசரி நட்டம் 12 சதவீதம் என்பது இதுவரை வந்த நட்டங்களின் சராசரி. அரிசி விலை அரசின் இறக்குமதி முடிவுகளோடு கட்டுண்டது. 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாட்டின்போது தனியார் இறக்குமதிக்குத் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது நினைவிருக்கும். இத்தகைய ஒரு முடிவு, களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரத்தில் வரலாம். விலை ஒரே பருவத்தில் 35 சதவீதம் விழுந்தால், முழு அளவில் வாங்கியவர் முதலில் 73 சதவீதத்தை இழப்பார். கடன் அப்படியே நிற்கும். அரை அளவில் 36, கால் அளவில் 18.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2021/22 காலபோக விளைச்சல் சரிந்தது. 2022-இல் ரூபாவின் மதிப்பும் வீழ்ந்து, நெல் விலை கடுமையாக ஏறியது. அந்தப் பருவத்தில் நெல் வைத்திருந்த எவருக்கும் பெரிய இலாபம். அதைச் சராசரியில் சேர்த்தவரின் 18 சதவீதத்தில் ஒரு பகுதி அவருடைய திறமையால் வந்ததல்ல, பணவீக்கத்தால் வந்தது. அதை விலக்கிச் சராசரி இலாபம் 15 ஆகக் குறைந்தால், `b` 1.25 ஆகி, `f` 0.25-இலிருந்து 0.19-க்கு இறங்கிவிடும்.

தன் எண் எவ்வளவு உறுதியானது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கொப்பியிலிருந்து மிக நல்ல பருவத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் நான்கும் இலாபமான ஒரு பருவத்தை விலக்கினால் 36-இல் 18 இலாபம், `f` 0.167. அத்தகைய இரண்டு பருவங்களை விலக்கினால் 32-இல் 14. `b` மாறவில்லை என்று வைத்தாலும் `f` 0.0625. இது தொடக்கத்தில் கண்ட 0.25-இன் சரியான கால் பங்கு. இரண்டு நல்ல வருடங்கள் வராமல் போயிருந்தால் சூத்திரமே இந்த அளவைத்தான் சொல்லியிருக்கும்.

## விதைப்புப் பணமும் பாதியாகும் வாய்ப்பும்

எல்லா எண்களும் பிழையின்றித் தெரிந்திருந்தாலும் முழு அளவில் ஒரு குணம் உண்டு. முதல் எப்போதாவது ஒரு கட்டத்தில் தொடங்கிய தொகையின் பாதிக்கு விழும் வாய்ப்பு, முழு அளவில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று. அரை அளவில் எட்டில் ஒன்று. கால் அளவில் 128-இல் ஒன்று. பின்னர் ஏறிவிடும் என்பது சூத்திரத்தின் வாக்குறுதி. ஆனால் அந்தப் பணம் இடையில் எடுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இங்கே பலருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. நெல் வாங்குபவர் பெரும்பாலும் தானும் வயல் செய்பவர். ஐப்பசி மழையோடு உழவுக்கூலி, விதைநெல், பசளை என்று பணம் வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் முதல் பாதியாகக் கிடந்தால், விதைப்பதற்கே நெல்லை நட்டத்தில் விற்க வேண்டிவரும். ஆகவே சூத்திரத்தில் போடும் ‘முதல்’ என்பதில் விதைப்புச் செலவும் வீட்டுச் செலவும் கடன் தவணையும் சேரக் கூடாது. 20 இலட்சத்தில் 6 இலட்சம் விதைப்புக்கு என்றால், கணக்கு 14 இலட்சத்திலிருந்து தொடங்க வேண்டும். கால் அளவுக் கொள்முதல் 7 இலட்சத்து 29 ஆயிரமாகும்.

## விதியாக எழுதும்போது

ஒவ்வொரு பருவமும் புதிதாக யோசித்து முடிவெடுத்தால் ஆசையோ பயமோ குறுக்கிடும். அதனால்தான் கணினி அட்டவணையில் ஒரு விதியாக எழுதிவைப்பது நல்லது. மேலே பார்த்தவை எல்லாம் மூன்று வரிகளில் அடங்கும்:

```
f   = max(0, p - (1 - p) / b)
r   = f * 0.25
buy = min(capital * r / loss, capital)
```

முதல் வரியில் `max` இருப்பது, அனுகூலம் இல்லாதபோது விடை பூச்சியமாக வேண்டும் என்பதற்காக. அனுகூலம் இல்லாத வியாபாரத்தைக் கால் பங்கு காப்பாற்றாது. தேய்வை மெதுவாக்கும், அவ்வளவே. `p` உண்மையில் 0.40-க்கு இறங்கிவிட்டதை அறியாமல் வாங்குபவர், முழு அளவில் பருவத்துக்கு 4.4 சதவீதமும் கால் அளவில் 0.3 சதவீதமும் இழப்பார். மூன்றாவது வரியில் `min` இருப்பது, விடை எதுவானாலும் கடன் வாங்கி நெல் வாங்கக் கூடாது என்பதற்காக. `loss` என்பது சராசரி நட்டம், நம் எடுத்துக்காட்டில் 0.12. `buy` என்பது பருவம் முழுவதற்குமான தொகை.

கால் என்ற எண் கணிதத்திலிருந்து பிறந்ததல்ல; கணிப்பு எவ்வளவு பலவீனம் என்ற மதிப்பீட்டிலிருந்து வருவது. பல நூறு தனித்தனி வியாபாரங்களின் பதிவு வைத்திருக்கும் பங்குச் சந்தைக்காரர் அரை அளவுக்குப் போகலாம். பத்துப் பருவங்களை மட்டும் வைத்திருப்பவர் காலுக்கு மேல் போக எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

`capital` என்ற இடத்தில் ஒவ்வொரு பருவமும் அன்றைய முதலை எழுத வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 20 இலட்சத்தோடு தொடங்கிக் கால் அளவில் ஒரு நட்டம் கண்டவரிடம் 18 இலட்சத்து 75 ஆயிரம் இருக்கும். அடுத்த பருவத்துக்கான கொள்முதல் 9 இலட்சத்து 77 ஆயிரம். ‘எப்போதும் வாங்குகிற அளவு’ என்று போன வருடத்து மூடைக் கணக்கையே பிடித்துக்கொண்டு 10 இலட்சத்து 42 ஆயிரத்துக்கு வாங்குபவர், தன் பங்கை அறியாமலே கூட்டிவிடுகிறார். தொடர்ந்து மூன்று, நான்கு நட்டங்கள் வந்தால், அட்டவணையில் 0.25 என்றே எழுதியிருந்தாலும் அவர் வாங்குவது கால் அளவாக இருக்காது.